மெத்தோட்ரெக்ஸேட் தாளில் உள்ள பக்கவிளைவுகள்: எதற்கு 108, எதற்கு இன்றே டாக்டர், எதற்கு அடுத்த விசிட்

கேள்வி: "அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. வாரம் ஒருமுறை எழுதியிருக்கிறார்கள். டப்பாவுக்குள் இருந்த இங்கிலீஷ் தாளில் சைடு எஃபெக்ட் மட்டுமே ஒரு பக்கம். தமிழில் எழுதி அம்மாவிடம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதியிலேயே எனக்கே பயம் வந்துவிட்டது. இதில் எது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம்?"

முதலில் அந்தத் தாள் யாருக்காக அச்சடிக்கப்பட்டது என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பல மருந்துகளின் தாளில், பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை, ஆய்வகம் ஆகியோரின் உபயோகத்துக்கு மட்டும் என்று மேலேயே போட்டிருக்கும். அது நோயாளிக்காக எழுதியது இல்லை. இன்னொன்று, மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. அங்கே ஒரே தடவையில் ரத்தக்குழாய் வழியாக நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுவார்கள். இரண்டு உபயோகத்துக்கும் பெரும்பாலும் ஒரே தாள்தான். வாரம் 15 மி.கி. சாப்பிடுகிறவர் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தால் பயப்படத்தான் செய்வார். அதனால் வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். பிரித்து எழுதுங்கள்.

எப்படிப் பிரிப்பது? தாளில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: ஸ்டொமடைட்டிஸ், லூகோபீனியா, த்ராம்போசைட்டோபீனியா, எலிவேட்டட் டிரான்ஸமினேஸஸ், அலோபீசியா, இன்டர்ஸ்டிஷியல் நியூமோனைட்டிஸ். அகராதியை வைத்துக்கொண்டு எழுதினால் வாயழற்சி, வெள்ளணுக் குறைவு, தட்டணுக் குறைவு, கல்லீரல் நொதி உயர்வு, முடி உதிர்தல், நுரையீரல் இடைத்திசு அழற்சி என்று வரும். ஒன்றும் தப்பில்லை, ஆனால் அம்மாவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இந்த ஆறில் அவரே உணரக்கூடியது வாய்ப்புண்ணும் முடி கொட்டுவதும்தான். கல்லீரல் நொதி ஏறியதை ரத்தப் பரிசோதனை மட்டுமே சொல்லும், உடம்பு சொல்லாது. அதை அம்மாவின் தாளில் எழுத வேண்டாம், டெஸ்ட் எடுக்கும் தேதியை எழுதினால் போதும். மிச்சம் மூன்றும் நோயின் பெயர்கள், அறிகுறிகள் இல்லை. அவற்றை வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். வெள்ளணு குறைந்தால் காய்ச்சல், தொண்டை வலி, ஆறாத புண். தட்டணு குறைந்தால் பல் தேய்க்கும்போது ரத்தம், இடித்துக்கொள்ளாமலே தோல் கன்றிப்போவது, காலில் கடுகு அளவு சிவப்புப் புள்ளிகள். நுரையீரல் அழற்சி என்றால் சளி இல்லாத வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது. மொழிபெயர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

சில சொற்களில் வழுக்கி விழ வாய்ப்பு அதிகம். 'மயக்கம்' அதில் முதலிடம். தலை சுற்றுவது, கண் இருட்டிக்கொண்டு வருவது, தூக்கக் கலக்கம், நினைவு தப்பி விழுவது, நான்குக்கும் நாம் மயக்கம் என்போம். நான்குக்கும் அவசரம் ஒன்றில்லை, அதனால் எது என்று பிரித்தே எழுதுங்கள். இங்கிலீஷில் 'ப்ரூயிசிங்' என்று இருப்பதைக் காயம் என்று எழுதிவிட்டால் அர்த்தமே மாறிவிடும். தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டி நீலமாகவோ கருப்பாகவோ கன்றுவதுதான் அது. 'ரேஷ்' என்பது வெறும் அரிப்பில்லை, தோலில் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம். தோல் வெளுப்பது, சிவப்பது என்று தாளில் எழுதியிருப்பது வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியது. நம் நிறத்தில் வெளுப்பைக் கீழிமையின் உள்பக்கத்திலும் நாக்கிலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும். மஞ்சளைக் கண்ணின் வெள்ளையில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் தவறிவிடும். இன்னொரு சின்னச் சொல் 'அல்லது'. காய்ச்சல், தொண்டை வலி அல்லது வாய்ப்புண் என்று இருந்தால் ஏதாவது ஒன்று வந்தாலே போதும் என்று பொருள். தமிழில் கமா போட்டு அடுக்கிவிட்டு 'ஆகியவை ஏற்பட்டால்' என்று முடித்தால், மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று அம்மா காத்திருப்பார்.

அடுத்து அந்த எண்கள். மிகப் பொதுவானது என்றால் 10 பேரில் ஒருவருக்கு மேல். பொதுவானது என்றால் 10 பேரில் ஒருவர் வரை. அசாதாரணம் 100 பேரில் ஒருவர் வரை, அரிது 1,000 பேரில் ஒருவர் வரை, மிக அரிது 10,000 பேரில் ஒருவர் வரை. இது எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு. வந்தால் எவ்வளவு ஆபத்து என்ற கணக்கு இதில் இல்லவே இல்லை. 'பொதுவானது' என்று படித்ததும் எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். சில தாள்களில் நுரையீரல் அழற்சியே 'பொதுவானது' பட்டியலில் இருக்கிறது. முடி கொட்டுவதும் அதே பட்டியலில்தான். அம்மாவுக்கு எழுதும்போது எண்களை விட்டுவிடலாம். அவருக்குத் தேவை வேறு ஒரு வரிசை: எது வந்தால் அந்த நிமிஷமே, எது வந்தால் இன்றைக்குள், எது அடுத்த விசிட் வரை பொறுக்கும்.

இதில் நம் வீடுகளில் காணாமல் போவது நடுவில் இருக்கிற 'இன்றைக்குள்'. மூச்சுத் திணறினால் யாரும் சும்மா இருப்பதில்லை. லேசான காய்ச்சல், நாலு வாய்ப்புண் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவார்கள். இந்த மருந்தில் தவறு நடப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், அதனால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் உடம்பில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேலை செய்வதைத் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் செல்கள் ஃபோலேட் இல்லாமல் பெருக முடியாது. வாயின் உள்தோலும் குடலின் உள்தோலும் அப்படிப்பட்டவை, ரத்தம் உற்பத்தியாகிற எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். மஜ்ஜையை நாம் பார்க்க முடியாது, வாயைப் பார்க்க முடியும். ஆகவே இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு வாய் ஒரு ஜன்னல் மாதிரி. ஆனால் தமிழில் 'வாய்ப்புண்' என்ற சொல்லே ஒரு வைத்தியத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உடம்பு சூடு, மணத்தக்காளிக் கீரை சாப்பிடு, பி காம்ப்ளெக்ஸ் போடு என்று வீட்டில் அடுத்த வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும். கீரை சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. அதற்காகக் காத்திருப்பதுதான் கெடுதல். சின்னதாக ஒன்றோ இரண்டோ புண், சாப்பிட முடிகிறது, காய்ச்சல் இல்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்து சொன்னால் போதும். இந்த மருந்தோடு கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையின் அளவை அவர் மாற்றிக் கொடுக்கலாம். பல இடங்களில் புண், சாதம் கூட இறங்கவில்லை, அல்லது புண்ணோடு காய்ச்சலோ கன்றலோ இருக்கிறது என்றால் அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அதாவது சிபிசி, பார்த்தாக வேண்டும்.

காய்ச்சலுக்கு அளவு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துச் சொல்வது இங்கே போதாது, வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். பாராசிட்டமால் போடுவதற்கு முன்பு அளந்து எழுதிக்கொள்ளுங்கள், போட்ட பிறகு காய்ச்சல் மறைந்துவிடும், காரணம் மறையாது. காய்ச்சல் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளணு குறைந்து வந்த காய்ச்சலும் முதல் நாளில் அதே மாதிரிதான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இருமலும் இதே வகை. சளிப்பிடித்தால் மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், சில நாளில் சளி வெளியே வரும். மருந்தால் வரும் நுரையீரல் அழற்சியில் இருமல் வறட்டாகவே நிற்கும், கூடவே லேசான காய்ச்சல் இருக்கலாம், நேற்று வரை சுலபமாக ஏறின படிக்கட்டில் இன்று நடுவில் நிற்க வேண்டியிருக்கும். மருந்து ஆரம்பித்துப் பல மாதம் கழித்தும் இது வரலாம், குறைந்த டோஸிலும் வரலாம். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் இருந்தால் எடுத்துவையுங்கள். விரல் சில்லென்று இருக்கக் கூடாது, நகப்பூச்சு இருக்கக் கூடாது. எப்போதும் 97, 98 காட்டுகிறவருக்கு 94-க்குக் கீழே போனால் உடனே கிளம்புங்கள், 92 அல்லது அதற்கும் கீழ் என்றால் 108. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் மூச்சை நம்புங்கள், எண்ணை அல்ல.

இன்றைக்குள் பார்க்க வேண்டிய இன்னும் மூன்று இருக்கின்றன, மூன்றுக்கும் நம் ஊரில் வேறு வழி இருப்பதால் டாக்டரிடம் வர நேரமாகிவிடுகிறது. அக்கி வந்தால் காவி குழைத்து அக்கி எழுதப் போவார்கள். இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவைத்திருப்பதால் அக்கி பரவலாம். அதற்கான வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அம்மை வந்தாலும், அம்மை வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தாலும் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வேப்பிலையை வைத்துக்கொள்ளுங்கள், போனையும் கையில் எடுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் பால் விடாத டீ மாதிரி போனாலோ கீழாநெல்லி கொடுத்து ஒரு வாரம் பார்ப்பது என்பது கூடவே கூடாது. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒரு நாளைத் தாண்டினால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். காரணம் வயிறு இல்லை, சிறுநீரகம். இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் மருந்து தங்கிவிடும், தங்கினால் 15 மில்லிகிராமே அதிக டோஸ் ஆகிவிடும்.

நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவற்றை யாரும் தவறவிடுவதில்லை. உதடு, முகம், தொண்டை வீங்குவது. உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரித் தடித்து மூச்சு இழுப்பது. ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியாத அளவு மூச்சுத் திணறல். நிற்காத ரத்தம், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் மலம் (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்). தோல் கொப்புளித்து உரிந்து, கூடவே கண்ணிலும் வாயிலும் புண். காய்ச்சலோடு குளிர் நடுக்கம், பேச்சில் குழப்பம், எழுப்பினால் சரியாக விழிக்காமல் இருப்பது. இவற்றுக்கு 108. டாக்டருக்குப் போன் போட்டு வரிசையில் காத்திருக்க வேண்டாம்.

பொறுக்கக்கூடியவையும் நிறைய. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல், ஒரு நாள் முழுக்க அசதி, லேசான தலைவலி, பசி மந்தம், சீப்பில் கொஞ்சம் அதிகமாக முடி. இதற்கெல்லாம் ஓட வேண்டாம், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்து அடுத்த முறை காட்டினால் போதும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டால் பலருக்குக் குமட்டல் தூக்கத்திலேயே போய்விடுகிறது.

இப்போது ஒரு உதாரணத்தை முழுசாக ஓட்டிப் பார்ப்போம். ஞாயிறு மாத்திரை. புதன்கிழமை சிறுநீர் போகும்போது எரிச்சல், பக்கத்து கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வாயில் இரண்டு புண், சனிக்கிழமை ஐந்தாகிறது, ரசம் சாதம் எரிகிறது. ஞாயிறு காலை 100.8. முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கிறது: எரிச்சலால் காய்ச்சல், சூட்டால் புண், கொசு கடித்துப் புள்ளி. ஆன்டிபயாட்டிக் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் கதை மாறும். ட்ரைமெத்தோப்ரிம், சல்ஃபாமெத்தாக்சசோல் என்று இருக்கிறது. ட்ரைமெத்தோப்ரிமும் ஃபோலேட்டைத் தடுக்கிற மருந்து. இரண்டும் சேரும்போது மஜ்ஜை படுத்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிறு செய்ய வேண்டியது: அன்றைய மெத்தோட்ரெக்ஸேட்டைப் போடக் கூடாது, அந்த ஆன்டிபயாட்டிக்கையும் மேற்கொண்டு போடக் கூடாது, இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு இரவு வரை காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரியின் கேஷுவல்ட்டிக்குப் போக வேண்டும். அங்கே சிபிசி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரல் டெஸ்ட் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மெத்தோட்ரெக்ஸேட்டின் விளைவை முறிக்க ஃபோலினிக் ஆசிட் கொடுப்பார்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் அதற்கு மாற்று இல்லை. நாலு மாத்திரை சேர்த்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட முடியாது.

மாத்திரையைத் தவிர்ப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காய்ச்சலாக இருக்கும்போது மெத்தோட்ரெக்ஸேட் நாள் வந்தால் டாக்டரிடம் பேசாமல் போட வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப்போவதால் மூட்டு கெட்டுவிடாது. ஆனால் பயத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். முடக்குவாதத்துக்குக் கூடவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் கொடுத்திருப்பார்கள். அதைப் பல வாரங்களாகச் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால், அதுவும் காய்ச்சல் நேரத்தில், அதுவே ஆபத்தாகிவிடும்.

மேலே சொன்ன எந்த அறிகுறி வந்தாலும் முதலில் அட்டையை எண்ணிப் பாருங்கள். 7.5 மி.கி. மாத்திரை என்றால் வாரத்துக்கு இரண்டு, 10 மாத்திரை அட்டை ஐந்து வாரம் வர வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே காலி என்றால் தினமும் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாராவாரம் என்பதைத் தினமும் என்று எடுத்துக்கொண்டு இந்த மருந்தால் உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் மஞ்சள், மெத்தோட்ரெக்ஸேட்டும் மஞ்சளாக வருவதுண்டு, மாறிப்போவது சுலபம். தாளில் 'வாரம் ஒருமுறை' என்று மட்டும் எழுதாதீர்கள். 'ஞாயிறு இரவு மட்டும், 2 மாத்திரை' என்று எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட்டுக்கு டாக்டர் சொன்ன கிழமையை அடுத்த வரியில் எழுதுங்கள். டப்பாக்களை வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

இப்படிப் பிரித்தாலும், வந்த அறிகுறி மருந்தால்தான் வந்ததா என்று இந்தத் தாள் சொல்லாது. அதை டாக்டரும் டெஸ்ட்டும்தான் சொல்ல முடியும். அம்மாவுக்குச் சிறுநீரகமோ கல்லீரலோ ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் நான் 'பொறுக்கலாம்' என்று சொன்னதில் சிலவற்றை அவருடைய டாக்டர் 'இன்றைக்குள்' என்று மாற்றலாம். அதனால் எழுதி முடித்ததும் ஒரு தடவை அந்த டாக்டரிடமே காட்டித் திருத்தி வாங்குங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் இருந்தால் அவர் படிப்பார்.

அந்தத் தாளின் கீழே, யார் கூட்டிப் போனாலும் கேஷுவல்ட்டியில் படித்துக் காட்டுகிற மாதிரி இதையும் எழுதிவையுங்கள்: "முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட், வாரம் 15 மி.கி., கடைசியாகப் போட்ட தேதி ___, கடைசி சிபிசி எடுத்த தேதி ___, இந்த வாரம் புதிதாகச் சாப்பிட்ட மாத்திரை ___." தேதிகளைப் பென்சிலில் எழுதுங்கள், வாராவாரம் அழித்து எழுத வேண்டியிருக்கும்.